ரேக்கில் இருக்க வேண்டிய இருபது பிரேக் ஷூ

காலை பத்தரை மணி. பட்டறையிலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வந்து இறங்குகிறான். கையில் துணியில் சுற்றிய பழைய பிரேக் ஷூ. லைனிங் முழுக்கத் தேய்ந்து அலுமினியம் பல்லைக் காட்டுகிறது. "அண்ணே, இதுக்கு ஒரு செட்டு. அப்புறம் கிளட்ச் கேபிள் ஒண்ணு, ஆயில் ஒரு லிட்டர்." கவுண்டரில் நிற்பவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். மாடியிலிருந்து பதில் வருகிறது: "ஷூ தீர்ந்துருச்சுண்ணே, நாளைக்குத்தான் லோடு."

பையன் யோசிக்கவே இல்லை. "சரிண்ணே, எதுத்தாப்புலயே எல்லாத்தையும் வாங்கிக்கிறேன்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டான். கேபிளும் ஆயிலும் எங்கள் ரேக்கில் நிறையவே இருந்தன. அவனுக்கு என்ன, ஒரே கடையில் ஒரே பில்லில் முடிய வேண்டும். பட்டறையில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு மெக்கானிக் காத்திருக்கிறார்.

மதுரையில் டூ வீலர் ஸ்பேர்ஸ் விற்கும் அந்தக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறவன். அன்றைய கணக்கில் இந்தச் சம்பவத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. விற்றால் பில் உண்டு, வாங்கினால் பில் உண்டு. 'இல்லை' என்று சொன்னதற்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் ரேக்கில் கூடுதலாகச் சரக்கு தூங்கினால் மட்டும் அது வட்டியாக, வாடகையாக மாதம் தவறாமல் கண்ணில் படும். அதனால் முதலாளிகள் பலரும் சரக்கைக் குறைப்பதையே சிக்கனம் என்று நினைக்கிறார்கள். எங்கள் முதலாளி நேர்மாறு. ஒருமுறை அடிபட்டால் அடுத்த லோடில் இரண்டு மடங்கு இறக்குவார். இரண்டுமே கணக்கில்லை, மனநிலை.

வேகமாக ஓடும் ஒரு ஐட்டத்துக்கு எவ்வளவு சரக்கைக் காப்பாக வைக்கலாம் என்று இந்த ஒரு பிரேக் ஷூவை வைத்தே பார்க்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கியிருக்கிறேன். முறை மாறாது.

அதிகம் ஓடும் 100 சிசி பைக் ஒன்றின் பின்சக்கர ஷூ அது. வாரத்துக்குச் சராசரியாக 40 செட் கேட்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொன்னால் ஒரு வாரத்தில் வந்து சேரும். ஒரு தடவைக்கு 160 செட், அதாவது இருபது செட் கொண்ட எட்டுப் பெட்டி வாங்குகிறோம். ஆண்டுக்கு 2,080 செட் போகிறது என்றால் 13 தடவை ஆர்டர்.

கையில் 40 செட் மிச்சமிருக்கும்போது ஆர்டர் போட்டால் போதாதா? ஒரு வாரத்துக்கு 40 தானே? போதாது. சராசரி 40 என்றால் பாதி வாரங்களில் 40-க்கு மேல் போகிறது என்றுதான் பொருள். அப்படி ஆர்டர் போட்டால் இரண்டுக்கு ஒரு தடவை லோடு வருமுன் ரேக் காலியாகும். சராசரிக்கு மேல் எத்தனை சேர்த்து வைத்துக்கொண்டு ஆர்டர் போடுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கூடுதலைத்தான் காப்புக் கையிருப்பு, கடை வழக்கில் சேஃப்டி ஸ்டாக் என்கிறோம். இது லோடு வருமுன் உள்ள அந்த ஒரு வாரத்துக்கு மட்டுமான காவல். லோடு இறங்கியதும் 160 செட் வந்துவிடும், பிறகு அடுத்த ஆர்டர் வரை பயமில்லை.

இரண்டு விலைகளைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு செட்டைச் சும்மா வைத்திருக்க ஒரு வருடத்துக்கு என்ன செலவு? ஒரு செட் இல்லாமல் போனால் ஒரு தடவைக்கு என்ன நஷ்டம்?

முதலாவது சுலபம். செட்டின் கொள்முதல் விலை 200 ரூபாய். முதலாளி கைமாற்றாக வாங்கி ஓட்டும் பணம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி, ஆண்டுக்கு 18 சதவீதம். ரேக்கில் பிடிக்கும் இடத்துக்கு 4 சதவீதம் போட்டேன். பதினைந்து, இருபது டப்பாவுக்காக யாரும் வாடகையை உயர்த்திவிடவில்லையே என்று முதலாளி கேட்டார். நியாயம்தான். ஆனால் எங்கள் ரேக் நிறைந்து கிடக்கிறது. இது உட்கார்ந்தால் வேறொன்று தரைக்கு வர வேண்டும். கெட்டுப்போவது, காணாமல் போவது, மாடல் மாறிப் படுத்துப்போவது ஆகியவற்றுக்கு 3 சதவீதம். ஆக 25 சதவீதம், செட்டுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். வாரத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 3 சதவீதம் எல்லா ஐட்டத்துக்கும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபோது புது பைக்குகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பழைய வண்டிகள் ஓடுகிறவரை கார்புரேட்டர் கிட் விற்கும். ஆனால் அந்தக் கூட்டம் வருடா வருடம் சுருங்கும், கூடாது. அப்படிப்பட்ட சரக்குக்கு மூன்றை எட்டாகவும் பத்தாகவும் போட வேண்டும். டிரம் பிரேக் ஷூவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

இரண்டாவது விலைதான் யாரும் எழுதி வைக்காதது. அதற்காக ஒரு நோட்டுப் போட்டோம். கடையில் அதற்கு 'இல்லை நோட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. கேட்ட ஐட்டம் இல்லையென்றால் தேதி, எத்தனை செட், ஆள் என்ன செய்தான் என்று ஒரே வரி. முதல் பத்து நாள் கவுண்டர் ஆட்கள் எழுதவே இல்லை. 'இல்லை' என்று எழுதினால் யாருக்கோ திட்டு விழும் என்ற பயம். யாரையும் திட்டமாட்டேன் என்று முதலாளி சொல்லி, சொன்னபடி இருந்தும் காட்டிய பிறகுதான் நோட்டு நிரம்பியது.

மூன்று மாதத்தில் பிரேக் ஷூவுக்கு மட்டும் 20 வரிகள். அதில் 6 பேர் "சரி, வேற கம்பெனி குடுங்க" என்று வாங்கிப்போனார்கள். அவர்களால் நமக்கு நஷ்டமில்லை. 14 பேர் போய்விட்டார்கள். பத்துக்கு ஏழு. ஷூவில் நமக்கு மிச்சம் செட்டுக்கு 50 ரூபாய். போனவனோடு போவது அந்த 50 மட்டுமா? ஷூ விற்ற பழைய பில்களை எடுத்து அதோடு வேறென்ன வாங்கியிருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தேன். கேபிள், ஸ்பிரிங், ஆயில் என்று சராசரியாக 64 ரூபாய் லாபம் அந்த பில்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டும் சேர்த்து 114. அதில் பத்துக்கு ஏழு என்றால் 80 ரூபாய். ஒரு 'இல்லை'யின் விலை 80.

இப்போது எதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். வைத்திருக்க 50, இல்லாவிட்டால் 80, ஆகவே வைத்திருப்பதே லாபம் என்று முடித்துவிடுகிறார்கள். 50 என்பது உறுதியான செலவு. அந்த செட் ஒருநாளும் வெளியே போகாவிட்டாலும் ஆண்டுக்கு 50 போகும். 80 என்பது அந்த செட் தேவைப்படும் தடவைகளில் மட்டும் மிச்சமாகும் பணம். தேவைப்படும் சாத்தியம் எவ்வளவு என்று தெரியாமல் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சாத்தியத்தைச் சொல்வது நோட்டும் பில்லும்தான். 52 வாரத்துக்கும் விற்றது எவ்வளவு, 'இல்லை' என்றது எவ்வளவு என்று கூட்டி வரிசைப்படுத்தினேன். 46-ம் அதற்கு மேலும் கேட்ட வாரங்கள் 14. 51-ம் அதற்கு மேலும் 7. 57-ம் அதற்கு மேலும் 3. 58-லிருந்து 60 வரை எந்த எண்ணை வைத்தாலும், அதைத் தொட்ட வாரங்கள் 2. 61-ஐத் தொட்டது ஒரே ஒரு வாரம்.

இனி மொத்தத்தை மறந்துவிட்டு, காப்பாக இன்னும் ஒரே ஒரு செட் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஆறாவது காப்புச் செட் எப்போது உதவும்? வாரத் தேவை 46-ஐத் தொடும்போது. 52-ல் 14 வாரம் அப்படி. நமக்கு ஆபத்து வருவதோ ஆண்டுக்கு 13 தடவை, லோடுக்குக் காத்திருக்கும் வாரங்களில் மட்டும். 52-ல் ஒரு வாரம் என்பது 13-ல் கால் தடவை. கால் தடவைக்கு 80 ரூபாய் வீதம் 20 ரூபாய். ஆக, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வாரமும் 20 ரூபாய் பெறும். 14 வாரம் என்றால் 280. ஆறாவது செட் ஆண்டுக்கு 50 தின்று 280 காக்கிறது. தாராளமாக வைக்கலாம். பதினொன்றாவது 7 வாரம், 140 காக்கிறது. வைக்கலாம். பதினேழாவது, அதாவது தேவை 57-ஐத் தொடும் 3 வாரங்களுக்கானது, 60 காக்கிறது. பத்து ரூபாய்தான் மிச்சம் என்றாலும் வைக்கலாம். பதினெட்டாவது 40 ரூபாயைக் காக்க 50 ரூபாய் தின்கிறது. அங்கே நிறுத்த வேண்டும். காப்பு 17 செட். 57 செட் மிச்சமிருக்கும்போது ஆர்டர்.

1888-லேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் கிட்டத்தட்ட இதே கேள்வியை வங்கிக்குக் கேட்டார். எத்தனை பேர் ஒரே நாளில் பணம் எடுக்க வருவார்கள் என்று தெரியாதபோது கல்லாவில் எவ்வளவு ரொக்கம் வைப்பது? எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட மாட்டார்கள், ஆனால் சராசரியை நம்பியும் இருக்க முடியாது. ரொக்கத்துக்குப் பதில் பிரேக் ஷூ, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளி ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. "அந்த மெக்கானிக் ஒரேயடியா எதிர்க்கடைக்கு மாறிட்டா? அந்த நஷ்டத்தை எங்க போட்டீங்க?" நான் போடவில்லை. அதை அளக்க என்னிடம் வழியுமில்லை. ஆகவே 80-ஐ 150 ஆக்கி மறுபடி பார்த்தேன். இப்போது ஒரு வாரம் 37 ரூபாய் 50 காசு பெறும். இரண்டு வாரத்துக்கு உதவும் செட் 75 காக்கிறது, ஒரே வாரத்துக்கு உதவுவது 37.50 மட்டுமே. ஆக 20-ஆவது செட் வரை போகலாம், 21-ஆவது வேண்டாம். நஷ்டத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கியும் காப்பு மூன்றே செட்தான் கூடியது. இல்லையின் விலையைப் பைசா சுத்தமாகக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஓரளவு சரியாக இருந்தால் போதும். சுத்தமாக எழுதாமல் விட்டால்தான் தப்பு.

இன்னொரு ஆறுதலும் இந்தக் கணக்கில் உண்டு. வைத்திருக்கும் செலவையும் இல்லாமல்போகும் நஷ்டத்தையும் ஆண்டுக்குக் கூட்டினால் 17 செட்டில் ஏறக்குறைய 1,040 ரூபாய் வருகிறது. 14 வைத்தாலும் 20 வைத்தாலும் 1,090-க்குள்தான். ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்காக மூளையைக் கசக்க வேண்டாம். ஆனால் பள்ளத்தின் இரு பக்கமும் ஒரே சரிவில்லை. 5 செட் மட்டும் வைத்தால் மொத்தம் 2,300-ஐத் தாண்டுகிறது. அதே அளவு மறுபக்கம் தவறி 29 வைத்தால் 1,460-க்குள் நிற்கிறது. வேகமாக ஓடும் ஐட்டத்தில் கொஞ்சம் அதிகமாக வைத்துத் தவறுவது மலிவு, குறைவாக வைத்துத் தவறுவது கிராக்கி. மாதம் ஒன்று விற்கும் ஐட்டத்தில் இது தலைகீழாகும். அங்கே வாங்கிய கூடுதல் வருடக்கணக்கில் கிடக்கும். ஆகவே 'எல்லாத்துக்கும் பத்து நாள் சரக்கு' என்று ஒரே விதி வைத்திருந்தால் ஓடுவது தீர்ந்துபோகும், ஓடாதது குவியும். எங்கள் கடையில் முன்பு நடந்தது அதுதான்.

பெட்டிக்கு 20 என்பதால் காப்பையும் ஒரு முழுப் பெட்டியாக, 20 என்றே வைத்துக்கொண்டோம்.

பட்டியலைப் பார்த்து எண்ணினால் மட்டும் போதாது, தேதிகளையும் பார்க்க வேண்டும். உச்சமான அந்த மூன்று வாரங்களில் ஒன்று ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். வண்டியைக் கழுவி, சர்வீஸ் விட்டு, பொட்டு வைக்கிற வாரம். அது எதிர்பாராதது இல்லை, காலண்டரிலேயே இருக்கிறது. காலண்டரில் இருப்பதற்கு வருடம் முழுக்கக் காப்பு வைப்பது வீண். பூஜைக்கு மூன்று வாரம் முன்பு இரண்டு பெட்டி கூடுதலாகச் சொல்லிவிட்டால் முடிந்தது. காப்பு என்பது முன்கூட்டித் தெரியாத ஏற்ற இறக்கத்துக்கு. அந்த ஒரு வாரத்தை நீக்கினால் 17 என்பது 16 ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் உச்ச வாரங்கள் எல்லாமே ஐப்பசி மழையில் விழுகிற கடையும் உண்டு. அந்தக் கடைக்கு மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, மற்ற மாதங்களுக்கு ஒரு கணக்கு.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது விற்பனைக் கணக்கே. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் ஒவ்வொரு மாதமும் சராசரி விற்பனையைக் காட்டும். ரேக் காலியாக இருந்த நாட்களில் விற்பனை பூஜ்ஜியம். சாஃப்ட்வேர் அதை 'யாரும் கேட்கவில்லை' என்று படிக்கிறது. சராசரி இறங்குகிறது. சராசரி இறங்கியதால் அடுத்த ஆர்டர் சிறுக்கிறது. சிறுத்ததால் இன்னும் சீக்கிரம் தீர்கிறது. ஆறு மாதம் இப்படிப் போனால் ஓடுகிற ஐட்டத்தைக் கடையே ஓடாத ஐட்டமாக மாற்றிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விற்பனை இறங்குகிற மாதங்களில் ரேக் எத்தனை நாள் காலியாக இருந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் குறைந்தது கிராக்கி இல்லை, சரக்கு. இல்லை நோட்டின் உண்மையான பயன் இதுதான். 80 ரூபாய் என்ற விலையைக் கண்டுபிடிக்க உதவியது உபரி லாபம்.

இவ்வளவு செய்தும் புது ஏற்பாட்டில் மூன்றாவது ஆர்டரிலேயே ஷூ தீர்ந்துபோனது. அந்த வாரத் தேவை 44 தான். 60 செட் மிச்சமிருக்கும்போது ஆர்டர் போட்டும் எப்படித் தீரும்? லோடு ஒரு வாரத்தில் வரவில்லை, பத்து நாளானது. அதுவரை நான் வாடிக்கையாளரின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே அளந்திருந்தேன், லாரியை அளக்கவில்லை. பழைய கொள்முதல் பில்களில் ஆர்டர் தேதியையும் இறங்கிய தேதியையும் எடுத்து எழுதினேன். சராசரி ஒரு வாரம்தான். ஆனால் வழக்கமாக இரண்டு நாள் முன்னே பின்னே ஆடுகிறது.

இரண்டு நாள் என்பது கடை திறந்திருக்கும் ஆறு நாள் வாரத்தில் 13 செட் விற்பனை. பள்ளியில் படித்த திட்ட விலக்கத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பக்கம் விலக்கம் வாரத்துக்கு 10 செட், லாரி பக்கம் 13. இவற்றை அப்படியே கூட்டி 23 என்று சொல்லக்கூடாது. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து கெடுவது அபூர்வம். வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்: 100-ம் 169-ம் 269, வர்க்கமூலம் 16 சொச்சம். முன்பு 10 விலக்கத்துக்கு 17 செட் காப்பு தேவைப்பட்டது. அதே விகிதத்தில் இப்போது 27 அல்லது 28. மெக்கானிக்குகள் கேட்பதில் உள்ள ஆட்டத்தைவிட லோடு வருவதில் உள்ள ஆட்டம்தான் பெரிது. அதை ரேக்கில் சரக்கைக் குவித்துச் சமாளித்தால் ஷூவுக்கு மட்டுமல்ல, அதே டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் காப்பைக் கூட்ட வேண்டும்.

அவரிடம் கோபமாகப் போன் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. தாமதமான ஆர்டர்கள் எல்லாம் எங்கள் பழைய பாக்கி கடன் வரம்பைத் தாண்டி நின்ற நாட்களில் போட்டவை. செக் பாஸானால்தான் அவர்கள் குடோனில் பில்லே அடிப்பார்களாம். லேட்டாக்கியது லாரி இல்லை, எங்கள் கல்லா. இதைச் சொன்னபோது முதலாளி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு வியாழன் பணம் அனுப்பும் வழக்கத்தை ஆர்டர் போடும் திங்கட்கிழமைக்கு மாற்றினார். ஆட்டம் அரை நாளுக்குள் அடங்கியது. அதை வாடிக்கையாளர் பக்கத்து 10-ஓடு வர்க்கத்தில் கூட்டினால் கண்ணுக்கே தெரியாது. ஒரு பெட்டிக் காப்பு மறுபடி போதுமானதாயிற்று.

இந்தக் கணக்கு எத்தனை உறுதி தருகிறது என்பதில் ஒரு குழப்பம் வரும். 17 செட்டில் இருபது ஆர்டருக்கு ஒரு தடவை தீர்ந்துபோகும். ஆண்டுக்கு 13 ஆர்டர் என்பதால் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை. இதை '95 சதவீதம்' என்று சொல்வார்கள். நூறு பேரில் ஐந்து பேர் வெறுங்கையோடு போவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தீரும்போதும் சில செட்தான் குறையும், மற்ற நாளெல்லாம் ரேக் நிறைந்திருக்கிறது. விற்கும் செட் கணக்கில் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒன்றுதான் கைவிட்டுப் போகும். அந்த ஒன்றையும் பிடிக்கிறேன் என்று இறங்கினால் 18-ஆவது செட்டிலிருந்து ஒவ்வொன்றும் கையைக் கடிக்கும்.

ஒரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். சரக்கைக் குறைக்கிறோம் என்று 160-க்குப் பதில் வாரா வாரம் 40 வாங்கினால் காப்பு குறையாது, கூடும். ஆபத்து வாரம் 13-லிருந்து 52 ஆகிவிடுகிறதே. அதே கணக்கைப் போட்டால் 23 செட் வருகிறது. மொத்தச் சரக்கு குறையும், அது வேறு லாபம். ஆனால் அடிக்கடி வாங்குகிறவன் அடிக்கடி விளிம்புக்கு வருகிறான்.

கடைசியில் இதையெல்லாம் கவுண்டரில் நிற்கும் ஆள் எப்படி நினைவில் வைப்பார்? சாஃப்ட்வேர் எச்சரிக்கை கொடுக்கும்தான். ஆனால் பில் போடாமல் அவசரத்தில் எடுத்துக் கொடுத்த செட்டும், திரும்பி வந்து வேறு ரேக்கில் செருகப்பட்ட செட்டும் அதற்குத் தெரியாது. திரையில் 62 என்றிருக்கும், ரேக்கில் 51 இருக்கும். ஆகவே மாடியில் அந்த ஐட்டத்துக்குக் கீழ்த்தட்டில் மூன்று பெட்டியைத் தனியாக வைத்துச் சணல் கயிற்றால் கட்டினோம். ஒரு வாரத்துக்கு இரண்டு பெட்டி, காப்புக்கு ஒன்று. புது லோடு வந்தால் வந்ததில் மூன்றைக் கட்டிவிட்டு, பழைய கட்டை முதலில் மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டும். மேல்தட்டில் எதுவும் இல்லாமல் கயிற்றில் கை வைக்கிறவன் வெட்டுவதற்கு முன் கீழே குரல் கொடுக்க வேண்டும். போன வாரம் அந்தக் குரல் செவ்வாய் மதியம் கேட்டது. கடைசிப் பெட்டியில் ஒன்பது செட் மிச்சம் இருக்கும்போது அடுத்த செவ்வாய் லோடு இறங்கியது.